பில்லில் பி.ஓ. எண்: சரக்கு தருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆத்தங்குடி டைல், கண்டாங்கிச் சேலை, பனையோலைக் கொட்டான், பலகாரம் என்று செட்டிநாட்டுச் சரக்கைக் காரைக்குடியில் வாங்கி வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புகிறோம். எங்களுக்குச் சரக்கு தருபவர்கள் போனிலும் நேரிலும் கணக்குப் பிரிவிடம் கேட்கும் கேள்விகளுக்குப் பதிலை இங்கே எழுதி வைத்திருக்கிறோம். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

சரக்கு இறக்கியாச்சு, பில்லும் கொடுத்தாச்சு. ஒரு நம்பர் எழுதலைன்னு பணத்தை ஏன் நிறுத்துறீங்க?

ஒரு பில்லுக்குப் பணம் போவதற்கு முன்னால் எங்கள் மேசையில் மூன்று காகிதங்கள் ஒத்துப்போக வேண்டும். முதலாவது, நாங்கள் உங்களுக்கு அனுப்பிய பி.ஓ., அதாவது கொள்முதல் ஆர்டர். அதில் என்ன சரக்கு, எவ்வளவு, என்ன விலை என்று இருக்கும். இரண்டாவது, குடோனில் சரக்கு இறங்கும்போது எங்கள் ஆள் எண்ணிப் பார்த்துப் போடும் வரவுச் சீட்டு. மூன்றாவது உங்கள் பில். இந்த மூன்றிலும் பொதுவாக இருக்கக்கூடியது பி.ஓ. எண் ஒன்றுதான்.

பெயரை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரே டைல் பட்டறைக்கு ஒரே மாதத்தில் நாலு பி.ஓ. போயிருக்கும். கோயம்புத்தூர்க்காரருக்கு ஒன்று, சென்னைக்கு இரண்டு, எங்கள் கடை இருப்புக்கு ஒன்று. அளவு ஒன்றுதான், ஆனால் பூ வேலைப்பாடு வேறு, அதனால் விலையும் வேறு. பில்லில் “டைல் 500” என்று மட்டும் இருந்தால் அது எந்த ஆர்டரைச் சேர்ந்தது என்று கணக்கர் கொள்முதல் பிரிவைக் கேட்க வேண்டும். கொள்முதல் பார்க்கிறவர் அன்றைக்கு ஆத்தங்குடியிலோ தறிக்காரர் வீட்டிலோ இருப்பார். அவர் திரும்பி வந்து தேடிச் சொல்வதற்குள் அந்த வாரப் பட்டுவாடா முடிந்திருக்கும்.

பட்டுவாடா புதன்கிழமை மட்டும்தான். திங்கள் மாலைக்குள் சரிபார்த்து முடிந்த பில் புதன் அன்று வங்கிக்குப் போகும். (செவ்வாயும் வெள்ளியும் பணத்தை வெளியே விடுவதில்லை என்பது முதலாளி வீட்டுப் பழக்கம். அதை மாற்றச் சொல்லி யாரும் கேட்டதில்லை, நாங்களும் கேட்கப்போவதில்லை.) திங்களைத் தவறவிட்ட பில் அடுத்த புதனுக்குத்தான் போகும். எங்களிடம் தாமதமாகும் பில்களில் பெரும்பாலானவை இப்படி ஒரு வாரம், இரண்டு வாரம் என்று நழுவியவைதான்.

அந்த எண் எங்க இருக்கும்? பில்லுல எங்க எழுதணும்?

நாங்கள் அனுப்பும் பி.ஓ.வின் வலது மேல் மூலையில் `PO-2526-0187` என்பது மாதிரி இருக்கும். 2526 என்பது நிதியாண்டு, 0187 என்பது வரிசை எண். இரண்டும் வேண்டும். “187” என்று மட்டும் எழுதினால் போன வருஷத்து 187-ஆ இந்த வருஷத்து 187-ஆ என்று தெரியாது. ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் குழப்பம் கட்டாயம் வரும்.

உங்கள் பில்லின் மேல்பகுதியில், பில் எண்ணுக்கும் தேதிக்கும் பக்கத்தில் எழுதினால் போதும். டாலியில் பில் போடுகிறவர்களுக்கு `Buyer's Order No.` என்று ஒரு கட்டம் பில்லிலேயே அச்சாகும், பக்கத்தில் தேதிக்கும் இடம் உண்டு. அதில் போடுங்கள். சிலர் கீழே குறிப்புப் பகுதியில் போட்டுவிடுகிறார்கள், அது அச்சில் வராமலே போய்விடுவதுண்டு. இ-இன்வாய்ஸ் போடுகிறவர்கள் ஆர்டர் எண்ணுக்கென்றே அதில் ஒரு இடம் இருப்பதைக் கவனிக்கலாம். கட்டாயமில்லாத இடம் என்பதால் மென்பொருள் அதைக் கேட்காமல் தாண்டிவிடும், நீங்களாகத் தேடித்தான் நிரப்ப வேண்டும்.

கையால் எழுதும் பில் புக் வைத்திருப்பவர்கள் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொள்வது நல்லது. “பி.ஓ. எண் … தேதி …” என்று ஒரே வரி. புத்தகத்தில் ஐம்பது பக்கத்திலும் முதலிலேயே அடித்து வைத்துவிட்டால், பில் எழுதும்போது காலியாக இருக்கும் இடமே கேட்கும். அடுத்த முறை புக் அச்சடிக்கும்போது அச்சகத்தில் அந்த வரியைச் சேர்க்கச் சொல்லிவிடுங்கள்.

சரக்கோடு வரும் சலானிலும் அதே எண்ணை எழுதுங்கள். உண்மையில் பில்லைவிட சலானில் இருப்பதுதான் எங்களுக்கு அதிக உதவி. குடோன் ஆள் அதைப் பார்த்துத்தான் வரவுச் சீட்டு போடுகிறார். அங்கே எண் தப்பினால் அப்புறம் பில் எவ்வளவு சரியாக இருந்தாலும் சேராது.

ஒங்க ஆளு போன்லதான் சொன்னாரு. பி.ஓ. எதுவும் வரலையே?

அப்படியானால் வண்டியில் ஏற்றாதீர்கள். சொன்னவரிடமே “நம்பர் அனுப்புங்க அண்ணே” என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் எண் வந்த பிறகு ஏற்றுங்கள். எங்கள் ஆள் எவ்வளவு அவசரம் என்று சொன்னாலும் இதில் நீங்கள் பிடிவாதமாக இருக்கலாம், நாங்கள் உங்கள் பக்கம்தான் நிற்போம்.

தீபாவளி நெருக்கத்தில் இது அதிகம் நடக்கும். பலகாரம் நூறு கிலோ கூடுதலாக வேண்டும் என்று இரவு எட்டு மணிக்குப் போன் போகும். காலையில் சரக்கு வந்து நிற்கும், பி.ஓ. இருக்காது. பிறகு பில்லின் தேதிக்குப் பிந்திய தேதியில் பி.ஓ. போட்டால் ஆடிட்டர் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேட்பார். அதனால்தான் பி.ஓ. தேதிக்கு முந்திய தேதியுள்ள பில் எங்கள் கணினியில் தானாகவே நின்றுவிடும்படி வைத்திருக்கிறோம். தவறு எங்கள் பக்கம் என்றாலும் பில் உங்களுடையது, காத்திருக்கப்போவதும் நீங்கள். ஏற்றுவதற்கு முன் ஒரு எண் கேட்பது அதைவிடச் சுலபம்.

ஜிஎஸ்டி சட்டத்துல பி.ஓ. நம்பர் கட்டாயமா? எங்க ஆடிட்டர் தேவையில்லைங்கிறாரே.

அவர் சொல்வது சரி. வரி பில்லில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஜிஎஸ்டி விதி 46 சொல்லும் பட்டியலில் பி.ஓ. எண் இல்லை. அது எங்கள் தேவை, பி.ஓ. நிபந்தனையில் எழுதிக் கேட்கிறோம்.

விதி 46 கேட்பவற்றில் எங்களிடம் அடிக்கடி தவறிப்போகிறவை மட்டும் சொல்கிறோம். பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக்கூடாது, 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. எழுத்து, எண், சிறுகோடு, சாய்கோடு இவை மட்டுமே வரலாம். இரண்டு பில் புக் வைத்து இரண்டிலும் 41-ஆம் எண் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது 41-ஐ எங்கள் கணினி “ஏற்கெனவே பணம் கொடுத்த பில்” என்று தள்ளிவிடும். வெவ்வேறு புக் தேவைப்பட்டால் முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்து ஏ-41, பி-41 என்று போடுங்கள்.

அடுத்தது எச்எஸ்என் குறியீடு. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி வரை உள்ளவர்கள் பதிவு பெற்ற எங்களைப் போன்றவர்களுக்குப் போடும் பில்லில் நாலு இலக்கம் எழுதினால் போதும், அதற்கு மேல் உள்ளவர்கள் ஆறு இலக்கம் எழுத வேண்டும். ஆத்தங்குடி டைல் சிமெண்ட் டைல், அதற்கு 6810. அதைச் சுட்ட களிமண் டைலின் குறியீட்டில் போடுகிற பட்டறைகளும் உண்டு. வரி விகிதம் ஒன்றாகவே இருந்தாலும் குறியீடு பி.ஓ.வோடு ஒத்துப்போகாமல் பில் நிற்கும்.

நான் எப்பவும் எண்ணத்துலதான் பில் போடுவேன். சதுர அடியில போடச் சொல்றீங்களே, ரெண்டும் ஒண்ணுதானே?

தொகை ஒன்றுதான். ஆனால் கணினி தொகையை மட்டும் பார்ப்பதில்லை. உண்மையான பில் ஒன்றின் மாதிரியில் கணக்குப் போட்டே காட்டுகிறோம். விலையை உதாரணத்துக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

`PO-2526-0187`-இல் நாங்கள் கேட்டது 10 அங்குலச் சதுர டைல், 600 சதுர அடி, சதுர அடிக்கு 90 ரூபாய். மதிப்பு 54,000. பட்டறையிலிருந்து வந்த பில்லில் “பூ டைல், 864 எண்ணம், ஒன்று 62.50” என்று இருந்தது. 10 அங்குல டைல் ஒன்றின் பரப்பு 100 சதுர அங்குலம், ஒரு சதுர அடி 144 சதுர அங்குலம். ஆகவே 144 டைல் சேர்ந்தால் 100 சதுர அடி, 600 சதுர அடிக்கு 864 டைல். 864-ஐ 62.50-ஆல் பெருக்கினாலும் அதே 54,000 வருகிறது. பட்டறைக்காரர் ஒரு பைசா கூட ஏமாற்றவில்லை.

ஆனால் எங்கள் திரையில் தெரிந்தது வேறு. ஆர்டர் 600, பில் 864, எனவே 264 கூடுதல். ஆர்டர் விலை 90, பில் விலை 62.50. போதாததற்கு பி.ஓ.வில் அந்தப் பூவுக்கு நாங்கள் வைத்திருந்த வரிசைக் குறியீடு பில்லில் இல்லை. “பூ டைல்” என்றால் ஆத்தங்குடியில் பாதி டைல் பூ டைல்தான். மூன்று இடத்திலும் சிவப்பு விழுந்து பில் நின்றது. கொள்முதல் பிரிவில் ஒருவர் கையால் கணக்குப் போட்டு, வரவுச் சீட்டோடு படத்தை ஒப்பிட்டு விடுவிக்க வேண்டியிருந்தது.

ஆகவே எங்கள் வடிவம் கேட்பது இவ்வளவுதான்: பி.ஓ.வில் எந்த அலகோ அதே அலகு, எந்த வரிசையோ அதே வரிசை, சரக்கின் பெயருக்கு முன்னால் எங்கள் குறியீடு. எண்ணத்தையும் காட்ட வேண்டுமென்று உங்களுக்குத் தோன்றினால் பெயருக்குப் பக்கத்தில் “864 எண்ணம்” என்று எழுதிவிடுங்கள், அளவுக் கட்டத்தில் 600 சதுர அடி இருக்கட்டும். அந்தப் பில்லின் முக்கியமான பகுதி இப்படி இருந்தால் அன்றே முடிந்திருக்கும்:

```
பில் எண்: AT/25-26/041
பி.ஓ. எண்: PO-2526-0187
வரிசை 1: T10-F4 ஆத்தங்குடி டைல் 10 அங்குலம் (864 எண்ணம்)
6810 | 600 ச.அடி | 90.00 | 54,000.00
சிஜிஎஸ்டி 9%: 4,860.00   எஸ்ஜிஎஸ்டி 9%: 4,860.00
மொத்தம்: 63,720.00
```

8 அங்குல டைல் தருகிறவர்களுக்கு ஒரு கணக்கு: 225 டைல் 100 சதுர அடி. அதை ஒரு சதுர அடிக்குக் கொண்டுவந்தால் 2.25 டைல் என்று வரும். 50 சதுர அடி மாதிரிச் சின்ன ஆர்டரில் 112.5 டைல் ஆகிவிடும். அரை டைல் யாரும் கொடுக்க முடியாது. 113 கொடுத்துவிட்டு 50 சதுர அடி என்றே பில் போடுங்கள், அந்தக் கூடுதல் ஓர் அரை டைலுக்கு வழக்கு வேண்டாம். ஆர்டர் அனுப்பும் முன்னே நாங்கள் 100-இன் மடங்காகக் கேட்கத் தொடங்கியிருப்பதும் இதனால்தான்.

பலகாரத்திலும் இதே கதை உண்டு. பி.ஓ. கிலோவில் போகும், பில் டப்பாவில் வரும். தேன்குழல் டப்பாவும் சீப்புச் சீடை டப்பாவும் ஒரே எடை இல்லை. சேலையில் அந்தத் தொல்லை இல்லை, சேலை எங்கே போனாலும் ஒன்று, இரண்டு என்றுதான் எண்ணப்படுகிறது.

இறக்கும்போது உடைஞ்ச டைலுக்கு பில் என்ன ஆகும்? புது பில் போடணுமா?

புது பில் வேண்டாம். மேலே சொன்ன அதே பில்லையே எடுத்துக்கொள்வோம். 864 டைலில் 12 உடைந்து, வரவுச் சீட்டு 852-க்கு விழுந்தது என்று வையுங்கள். உங்களுக்கு இரண்டு வழி உண்டு. அந்த 12 டைலை அடுத்த வண்டியில் அதே பி.ஓ. எண்ணுள்ள சலானோடு அனுப்பிவிட்டால், வரவு 864 ஆகி முழுத் தொகையும் விடுபடும். அனுப்ப முடியாதென்றால் ஒரு கிரெடிட் நோட் போடுங்கள்: 12 டைலுக்கு 750 ரூபாய், 18 சதவீத வரி 135, ஆக 885. அதில் எந்தப் பில்லைச் சேர்ந்தது என்று எழுதுவது கட்டாயம், பி.ஓ. எண்ணும் எழுதினால் நல்லது. உங்கள் கணக்கில் 62,835 வந்து சேரும்.

ஏற்கெனவே கொடுத்த பில்லில் 864-ஐ அடித்து 852 என்று பேனாவால் எழுதி அனுப்புவதுதான் எல்லாவற்றிலும் மோசமான வழி. உங்கள் ஜிஎஸ்டி கணக்கில் 54,000 இருக்கும், எங்கள் கையில் உள்ள காகிதத்தில் வேறு தொகை இருக்கும். இரண்டு மாதம் கழித்து இரண்டு ஆடிட்டர்களும் அதைக் கேட்பார்கள்.

புது டைல் என்றால் பட்டறையில் ஈரம் காயுமுன் ஏற்றக்கூடாது என்பது எங்களைவிட உங்களுக்குத் தெரியும். இதைச் சொல்வது கணக்குப் பிரிவின் வேலை இல்லை, ஆனாலும் கிரெடிட் நோட் எல்லாம் நாங்கள்தான் பதிகிறோம்.

ஒரே பி.ஓ.வுக்கு ரெண்டு வண்டியில அனுப்பினா? இல்ல, ரெண்டு பி.ஓ.வுக்கு ஒரே பில் போட்டா?

முதலாவது பரவாயில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பில், இரண்டிலும் அதே பி.ஓ. எண். பாக்கி எவ்வளவு என்று எங்கள் கணினியே வைத்துக்கொள்ளும். முதல் வண்டி கிளம்பும்போதே முழு ஆர்டருக்கும் பில் போடுவதுதான் சிக்கல். வராத சரக்குக்கு வரவுச் சீட்டு இல்லை, அதனால் வந்த சரக்குக்கான பணமும் சேர்ந்தே நின்றுவிடும்.

இரண்டு பி.ஓ.வை ஒரே பில்லில் சேர்ப்பதைத் தவிர்த்துவிடுங்கள். ஒன்றில் சின்னத் தகராறு இருந்தாலும் மற்றதும் அதோடு நிற்கும்.

லாரி வாடகை, ஏத்துக்கூலி எல்லாம் பில்லுல சேர்த்துக்கலாமா?

பி.ஓ.வில் இருந்தால் சேர்க்கலாம், தனி வரிசையாகப் போடுங்கள். பி.ஓ.வில் இல்லாததைப் பில்லில் பார்த்தால் கணக்கருக்கு அதை விடுவிக்க அதிகாரமில்லை. விலை பேசும்போதே வாடகை யாருடையது என்று முடித்துக்கொண்டு, பி.ஓ. வந்ததும் அந்த வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏற்றுவதற்கு முன் திருத்திக் கேளுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். சரக்கோடு சேர்த்து நீங்கள் வசூலிக்கும் வாடகைக்குச் சரக்கின் வரி விகிதமே வரும். டைல் பில்லில் வாடகையை வரி இல்லாமல் கடைசியில் கூட்டுவது பழைய பழக்கம், அது சரியில்லை.

மொத்தத்தில் ஒரு ரூபாய்க்குள் வரும் முழுமையாக்கலுக்கு எந்தத் தடையும் இல்லை.

பி.ஓ. நம்பர், தொகை எல்லாம் சரி. ஆனா வரித்தொகையை மட்டும் பிடிச்சுக்கிட்டீங்களே?

அது பெரும்பாலும் எங்கள் ஜிஎஸ்டி எண்ணை நீங்கள் தவறாக எழுதியதால் இருக்கும். நீங்கள் ஜிஎஸ்டிஆர்-1-இல் பில்லை ஏற்றினால்தான் அது எங்கள் 2பி அறிக்கையில் தெரியும், தெரிந்தால்தான் அந்த வரியை நாங்கள் எடுத்துக்கொள்ள முடியும். எண் மாறிப்போனால் அது வேறு யாருடைய கணக்கிலோ போய் உட்கார்ந்துவிடும், அல்லது ஏறாமலே நிற்கும்.

ஜிஎஸ்டி எண்ணில் 15 இடங்கள். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். பான் எண்ணில் முதல் ஐந்தும் எழுத்து, அடுத்த நாலும் எண், கடைசி ஒன்று எழுத்து. இதை நினைவில் வைத்தால் கையால் எழுதும்போது பூஜ்யமா ஓவா, ஐந்தா எஸ்ஸா என்ற குழப்பம் தீர்ந்துவிடும். எட்டாவது இடத்திலிருந்து பதினோராவது இடம் வரை எழுத்தே வராது. இன்னும் நல்லது, எங்கள் பி.ஓ.விலிருந்து எண்ணை ஒருமுறை அப்படியே உங்கள் மென்பொருளில் பதிந்துகொள்வது.

மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்கிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள், எங்கள் 2பி 14-ஆம் தேதி வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்கிற சிறு பட்டறைகள், முதல் இரண்டு மாதப் பில்களை ஐஎஃப்எஃப் என்ற வசதியில் அடுத்த மாதம் 13-ஆம் தேதிக்குள் ஏற்றலாம். அது உங்கள் விருப்பம்தான். ஏற்றாவிட்டால் எங்களுக்கு அந்த வரி காலாண்டு முடிந்துதான் கிடைக்கும். சரக்கின் விலையை அதற்காக நிறுத்த மாட்டோம், 2பியில் தெரியும் வரை வரித்தொகை மட்டும் பாக்கி நிற்கும். இது பி.ஓ.வின் நிபந்தனைகளிலேயே இருக்கிறது.

தவறான எண்ணோடு தாக்கல் செய்துவிட்டீர்கள் என்றால், அடுத்து தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-1-இல் திருத்தமாகக் காட்டச் சொல்லி உங்கள் ஆடிட்டரிடம் கொடுங்கள்.

எனக்கு ஜிஎஸ்டி பதிவே கெடையாது, வீட்டுல பலகாரம் போட்டுத் தர்றேன். எனக்கும் இதெல்லாம் உண்டா?

வரி தொடர்பானது எதுவும் உங்களுக்கு இல்லை, ஆச்சி. தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்கிறவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவு தேவைப்படும். உங்கள் பெயர், முகவரி, பில் எண், தேதி, பி.ஓ. எண், என்ன பலகாரம், எத்தனை கிலோ, விலை, கையெழுத்து, இவ்வளவு இருந்தால் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலும் எடுத்துக்கொள்வோம். வரி என்று எதையும் சேர்க்காதீர்கள். பதிவில்லாதவர் வரி வசூலிக்கக் கூடாது.

பேரேடும் ஐந்தொகையும் வீட்டுக்கு வீடு எழுதின ஊர் இது. எண் போட்டு எழுதுவது யாருக்கும் புதிதில்லை, ஆர்டர் எண் மட்டும்தான் புதிது.

காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்கள் வரி பில் போட முடியாது, பில் ஆஃப் சப்ளை போட வேண்டும். தாம் அந்தத் திட்டத்தில் உள்ளவர், வரி வசூலிக்கத் தகுதியில்லாதவர் என்ற வாசகம் அதன் தலைப்பில் இருக்க வேண்டும். பி.ஓ. எண் அவர்களுக்கும் உண்டு.

பி.ஓ. நம்பர் எழுத மறந்துட்டேன், பில் ஏற்கெனவே கொடுத்தாச்சு. ரத்து பண்ணி வேற பில் போடவா?

வேண்டவே வேண்டாம். பி.ஓ. எண் வரி விவரம் இல்லை, அதற்காக நல்ல பில்லை ரத்து செய்யாதீர்கள். அதிலும் இ-இன்வாய்ஸ் என்றால் 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும். உங்கள் பில் எண், தேதி, விட்டுப்போன பி.ஓ. எண், இந்த மூன்றையும் ஒரு மின்னஞ்சலிலோ சீல் வைத்த ஒரு தாளிலோ எழுதி அனுப்புங்கள். அதைப் பில்லோடு சேர்த்துக் கோத்துவிடுவோம். தொகை, வரி, ஜிஎஸ்டி எண் தவறாக இருந்தால் அது வேறு விஷயம், அப்போது போன் செய்துவிட்டு எதையும் செய்யுங்கள்.

பில் சரியில்லைன்னு நீங்க எப்ப சொல்வீங்க? அதுக்குள்ள 45 நாள் ஓடிடாதா?

பில் கைக்கு வந்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிடுகிறோம். என்ன குறை, பில்லில் எந்த இடத்தில், எப்படித் திருத்துவது என்று எழுத்தில் வரும். வெறுமனே “பில் சரியில்லை” என்று வந்தால் திருப்பிக் கேளுங்கள்.

45 நாள் விஷயத்தில் உங்கள் உரிமையை ஒளிக்க விரும்பவில்லை. உத்யம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், அதுவும் 45 நாளைத் தாண்டக்கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். நாள் கணக்கு சரக்கை ஏற்றுக்கொண்டதிலிருந்து தொடங்கும். சரக்கைப் பற்றி நாங்கள் 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொன்னால் மட்டும் அது தீர்ந்த நாளிலிருந்து தொடங்கும். உடைந்த டைல் அப்படி ஓர் ஆட்சேபம். பில்லில் பி.ஓ. எண் இல்லை என்பது சரக்கைப் பற்றிய ஆட்சேபம் ஆகாது என்றே நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். அதனால் எண் இல்லாத பில்லும் 30-ஆம் நாளைத் தொட்டால் கொள்முதல் பிரிவு எல்லா வேலையையும் விட்டுவிட்டு அதைத் தேடியே ஆக வேண்டும் என்று வைத்திருக்கிறோம். கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டி எங்கள் தலையில். போதாக்குறைக்கு, கெடு தாண்டிய தொகையைக் கொடுத்து முடிக்கும் வரை வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது.

உத்யம் எண் இருந்தால் பில்லில் அச்சடித்துவிடுங்கள். அது இருந்தால்தான் உங்கள் பில்லுக்கு அந்த நாள் கணக்கை முதல் நாளே கணினியில் ஏற்ற முடியும்.

பில்லை வாட்ஸ்அப்புல படம் எடுத்து அனுப்பினா போதுமா?

வேலையைத் தொடங்கப் போதும். நாலு மூலையும் தெரிய, நிழல் விழாமல் எடுங்கள். சரக்குக்கான வரி பில் மூன்று பிரதி: முதல் பிரதி எங்களுக்கு, இரண்டாவது வண்டியோடு, மூன்றாவது உங்களுக்கு. எங்களுக்கான முதல் பிரதி வண்டியிலேயே வந்துவிட்டால் படமே தேவையில்லை. ஓட்டுநரிடம் கொடுக்கும்போது சலானோடு சேர்த்து ஊசி குத்திவிடுங்கள். தனியாகக் கொடுத்த பில் வண்டியின் முன்கண்ணாடியில் மாதக்கணக்கில் காய்ந்துகொண்டிருந்த கதை உண்டு.

வங்கிக் கணக்கு மாத்திட்டேன். புது நம்பரை பில்லுல எழுதிட்டேன், அதுல அனுப்பிடுவீங்கதானே?

மாட்டோம். பில்லில் உள்ள கணக்கு எண்ணும் எங்களிடம் பதிவான எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் அந்தப் பில் அப்படியே நிற்கும். சரக்கு தருபவர் பேரில் போலி மின்னஞ்சல் அனுப்பி, “எங்கள் கணக்கு மாறிவிட்டது” என்று பணத்தைத் திருப்பிவிடும் மோசடி எல்லா ஊரிலும் நடக்கிறது. புதுக் கணக்கின் ரத்து செய்த காசோலை ஒன்றும், உங்கள் லெட்டர்ஹெட்டில் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றும் கொடுங்கள். எங்களிடம் முன்பே பதிவான உங்கள் போன் எண்ணுக்கு நாங்கள் கூப்பிட்டுக் கேட்போம். கடிதத்தில் உள்ள எண்ணுக்குக் கூப்பிட மாட்டோம். நீங்கள் ஆமாம் என்றதும், புதுக் கணக்குக்கு முதலில் ஒரு ரூபாய் அனுப்புவோம். வந்தது என்று நீங்கள் சொன்ன பிறகு, அடுத்த புதன்கிழமை மீதி வரும்.